சுகர் மெஷின் காட்டும் எண்ணில் சந்தேகமா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பாளையங்கோட்டையில் எங்கள் மருந்துக்கடைக்கு வந்த ஒரு தம்பி, "அண்ணாச்சி, நல்லதா ஒரு சுகர் மெஷின் கொடுங்க" என்றார். அவருடைய அம்மாவுக்கு 58 வயது. போன மாதம்தான் சர்க்கரை என்று தெரிந்தது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை எழுதியிருந்தார்கள். மெஷினை வீட்டில் யாரும் தொட்டதே இல்லை.

அன்று கவுண்டரில் பேசியதும், பிறகு அவர் ஒவ்வொரு சிக்கலாகக் கொண்டுவந்தபோது பேசியதும்தான் இது. உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். மெஷின் இப்போது 70-க்குக் கீழே காட்டிக்கொண்டிருக்கிறது என்றால் மற்றதை விட்டுவிட்டு "LO, HI, அல்லது 70-க்குக் கீழே" என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

எதை வாங்குவது என்றே தெரியவில்லை

"எது நல்ல மெஷின் அண்ணாச்சி?"

"மெஷினை விடுங்க தம்பி. ரத்தம் வச்சு ஒரு தடவை பார்த்ததும் தூக்கிப் போடற ஸ்ட்ரிப் இருக்குல்ல, உங்க தெருப் பக்கத்து மருந்துக்கடையில அதுல எது எப்பவும் கிடைக்கும்? அதுல இருந்து ஆரம்பிங்க."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். விலை கூடிய மெஷினைத் தலையில் கட்டுவேன் என்று நினைத்து வந்திருப்பார் போல. ஆனால் கணக்கு மெஷினில் இல்லை. ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய், வாரத்துக்கு நான்கு தடவை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 4,160 ரூபாய். ஸ்ட்ரிப் 12 ரூபாய் என்றால் 2,496. மெஷினில் ஒரே ஒரு தடவை இருநூறு முந்நூறு மிச்சம் பிடித்து, ஸ்ட்ரிப்பில் வருடா வருடம் ஆயிரத்துக்கு மேல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் வேலை செய்யாது. ஒரே கம்பெனியிலேயே மாடல் மாறினால் ஸ்ட்ரிப்பும் மாறும். அதனால் மெஷின் வாங்குவது என்பது அந்த ஸ்ட்ரிப்புக்குச் சந்தா கட்டுகிற மாதிரிதான்.

"அப்போ இருக்கறதுலேயே மலிவான ஸ்ட்ரிப் வாங்கிடலாமா?"

"பெட்டியில இல்லன்னா உள்ளே இருக்கிற தாளில ISO 15197:2013 என்று போட்டிருக்கா பாருங்க. அது இருந்தா மலிவு தப்பில்ல."

அந்தத் தரம் என்ன கேட்கிறது என்பதை அவருக்குச் சொன்னேன். வாங்குகிறவர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான், ஏனென்றால் பின்னால் வரும் சந்தேகங்களில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது. லேப் எண் 100 அல்லது அதற்கு மேல் என்றால் மெஷின் எண் அதிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். நூறு அளவீடுகளில் 95 இந்த வரம்புக்குள் வந்தால் மெஷின் தேறிவிடும். அதாவது உண்மையில் 200 உள்ளவருக்கு 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அந்த மெஷின் கெட்டுப்போனது இல்லை.

கேட்டதும் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு இடைவெளியா?" என்றார். ஆமாம், அவ்வளவுதான். மெஷின் எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். அதற்கு லேப் வேண்டும். இருக்கிற சர்க்கரை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான் மெஷின்.

இன்னும் ஒன்று கேட்டேன்: "அம்மாவுக்கு ரத்தசோகை இருக்கா?" இல்லை என்றார். இருந்திருந்தால் பெட்டித் தாளில் ஹெமட்டோகிரிட் என்ற சிவப்பணு விகிதத்துக்கான வரம்பைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பேன். ரத்தத்தில் சிவப்பணுக்கள் ரொம்பக் குறைந்தவர்களுக்குப் பல மெஷின்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். டயாலிசிஸ் செய்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மெஷினும் வாங்க வேண்டாம். வயிற்று வழி டயாலிசிஸில் பயன்படும் ஒரு வகைத் திரவம் சில ஸ்ட்ரிப்களை ஏமாற்றி, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்ட வைக்கும்.

மெஷின் 7.2 என்று காட்டுகிறது

இது சிங்கப்பூர், மலேசியா, லண்டனிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் மெஷினில் வரும். தம்பியின் பெரியம்மா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. "பெரியம்மாவுக்கு ஏழுதான் அண்ணாச்சி, எங்க அம்மாவுக்கு நூற்றம்பது!" என்று பயந்துபோய்ச் சொன்னார்.

திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். நம் ஊர் மெஷினில் `mg/dL` என்று இருக்கும். அங்கிருந்து வந்ததில் `mmol/L` என்று இருக்கும். அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். 7.2 என்றால் 130. பெரியம்மாவின் ஏழும் நம் கணக்கில் நூற்று முப்பதுதான். பெரும்பாலான மெஷின்களில் இந்த அலகை நாமாக மாற்ற முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை, அந்த மாடலுக்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காமல் போவது. வெளிநாட்டு மெஷின் இலவசமாகவே வந்தாலும் ஸ்ட்ரிப்பை விசாரித்துவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

ஸ்ட்ரிப் வைத்து ரத்தம் விட்டால் E என்று பிழை வருகிறது

வாங்கிய மறுநாளே தம்பி ஃபோன் செய்தார். மூன்று ஸ்ட்ரிப் வீண். மூன்றிலும் `E-3`.

பிழை எண்ணின் பொருள் மெஷினுக்கு மெஷின் மாறும். ஒன்றில் `E-3` என்பது ரத்தம் போதவில்லை என்பதாக இருக்கும், இன்னொன்றில் வேறு ஏதோவாக இருக்கும். பெட்டியில் வரும் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் புதிதாக வாங்கியவர்களுக்கு வரும் பிழை அநேகமாக ஒன்றுதான்: சொட்டு சின்னது. தம்பிக்கும் அதேதான்.

"எப்படி வச்சீங்க, அப்படியே சொல்லுங்க."

"விரல்ல குத்துனேன். கொஞ்சமா வந்துச்சு. ஸ்ட்ரிப்ல தொட்டேன், பத்தல. திரும்பப் பிதுக்கி இன்னொரு சொட்டு வச்சேன்."

பெரும்பாலான ஸ்ட்ரிப்கள் இரண்டாவது சொட்டை ஏற்காது. முதல் சொட்டு தொட்டதுமே உள்ளே வேதிவினை தொடங்கிவிடும். பாதி நிரம்பிய ஸ்ட்ரிப்பை மெஷின் பிழை என்று தள்ளிவிட்டால் அது நல்லதுதான். சில சமயம் தள்ளாமல் தப்பான எண்ணைக் காட்டிவிடும், அதுதான் ஆபத்து. இன்றைய ஸ்ட்ரிப்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் அல்லது அதற்கும் குறைவான ரத்தம் போதும். விரல் நுனியில் ஒரு சின்னக் கடுகு அளவுக்கு உருண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். உருளட்டும் என்று காத்திருந்து, ஸ்ட்ரிப்பின் முனையைச் சொட்டின் ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மேலே கொண்டுபோய்த் தடவக்கூடாது.

சொட்டு வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கை குளிர்ந்திருப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, கையை அரை நிமிடம் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தச் சொன்னேன். நடுச்சதையில் குத்தினால் வலி அதிகம். குத்தும் பேனாவில் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறது. வயதானவர்களின் தடித்த தோலுக்கு ஒரு படி கூட்டினால் சரியாகிவிடும். விரலை அழுத்திப் பிதுக்கிப் பிழியக்கூடாது, சதைக்குள் இருக்கும் நீர் ரத்தத்தோடு கலந்து வரும். உள்ளங்கைப் பக்கமிருந்து விரலை மெதுவாக நீவிவிடலாம்.

திரையில் வெப்பமானி மாதிரி ஒரு படம் வந்தால் மெஷின் சூடாகிவிட்டது என்று பொருள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்திருந்தால் இது வரும். நிழலில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். ஃபேனுக்கு நேர் கீழேயோ ஃபிரிட்ஜிலோ வைத்துக் குளிர வைக்க வேண்டாம்.

அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு எண் வருகிறது

"148 வந்துச்சு. நம்பிக்கை இல்லாம அடுத்த விரல்ல பார்த்தேன், 161. எதை எழுதறது?"

"முதல்ல வந்ததை எழுதுங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

அவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் 148-க்கும் 161-க்கும் வித்தியாசம் 9 சதவீதம்கூட இல்லை. இரண்டு எண்களும் "காலையில் இருக்க வேண்டியதைவிடக் கூட" என்ற ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. இதற்காக மாத்திரையில் எதுவும் மாறப்போவதில்லை. ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்க இரண்டாவது ஸ்ட்ரிப் போடுகிறவர்கள் இரண்டு மாதத்தில் மெஷினையே வெறுத்து அலமாரியில் வைத்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் கதை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவுக்கு 262 வந்தது. தம்பி பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"அதுக்கு முன்னாடி அம்மா என்ன செஞ்சிட்டு இருந்தாங்க?"

"சும்மாதான் இருந்தாங்க. பேரப் பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாங்க. அவங்க ஒரு துண்டுகூடச் சாப்பிடல அண்ணாச்சி, சத்தியமா!"

"சாப்பிட வேண்டாம், நறுக்கினதே போதும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு, நல்லாத் துடைச்சிட்டுத் திரும்பப் பாருங்க."

திரும்பப் பார்த்தபோது 157. மெஷின் பொய் சொல்லவில்லை. விரலில் இருந்த மாம்பழச் சாற்றில் இருந்த சர்க்கரையைத்தான் அளந்து சொன்னது. சொட்டு அவ்வளவு சின்னது என்பதால், கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இருந்தாலே எண் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்தால் போய்விடும் என்று நினைப்பது தப்பு. பழப் பிசுக்குக்குத் தண்ணீர்தான் வேண்டும். ஸ்பிரிட்டே பயன்படுத்தினாலும் அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். கழுவத் தண்ணீர் கிடைக்காத இடத்தில், முதல் சொட்டைச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வையுங்கள்.

இதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம்: எதிர்பாராத எண் வந்தால், அது கூடுதலோ குறைவோ, கை கழுவி ஒரே ஒரு தடவை திரும்பப் பாருங்கள். எதிர்பார்த்த எண்ணுக்கு இரண்டாவது ஸ்ட்ரிப் வேண்டாம். உடம்பு ஒரு மாதிரி படபடவென்று இருந்து எண் குறைவாக வந்தால் மட்டும் திரும்பப் பார்க்கிற வேலை பிறகு, முதலில் குளுக்கோஸ்.

லேப் ஒன்று சொல்கிறது, மெஷின் வேறு சொல்கிறது

மெஷினைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் அநேகமாக இந்தக் காரணத்தோடுதான் வருவார்கள். தம்பியும் வந்தார். கையில் லேப் தாள்: வெறும் வயிற்றில் 142. நோட்டில் அதே நாள் காலை மெஷின் எண்: 168.

"வரம்புக்குள்ள இருக்கான்னு நீங்களே கணக்குப் போடுங்க" என்று கால்குலேட்டரைக் கொடுத்தேன். 142-இல் 15 சதவீதம் 21. அப்படியானால் 121 முதல் 163 வரை மெஷின் காட்டலாம். 168 அதற்கு வெளியே போகிறது. தம்பி என்னைப் பார்த்தார், "சொன்னேன்ல" என்கிற மாதிரி.

"வீட்டுல எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"காலையில ஆறேகால்."

"லேப்ல ரத்தம் எடுத்தது?"

தாளிலேயே இருந்தது. 9.40. நடுவில் மூன்றரை மணி நேரம். அம்மா பஸ் பிடித்து, இறங்கி, வண்ணார்பேட்டையில் லேப் வரைக்கும் நடந்திருக்கிறார். வெறும் வயிற்றில் இருந்தாலும் சர்க்கரை ஒரே இடத்தில் நிற்காது. விடியற்காலையில் ஏறியது பிறகு இறங்கலாம், நடந்தால் இன்னும் இறங்கலாம். இரண்டு வேறு நேரத்து ரத்தத்தை ஒப்பிட்டால் மெஷினைப் பற்றி எதுவும் தெரியாது.

லேப் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். குழாயில் எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் அப்படியே வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயில் சர்க்கரைக்கான ரத்தத்தை எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து எடுத்துப் பல வீடுகள் சுற்றிவிட்டு மதியம் லேபுக்குப் போகிற குழாய் என்றால் என்ன மூடி என்று கவனியுங்கள்.

அடுத்த தடவை எப்படி ஒப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மெஷினைக் கையோடு லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். வெறும் வயிற்றில் போக வேண்டும். லேபில் நரம்பில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், அங்கேயே கை கழுவி விரலில் குத்திப் பார்க்க வேண்டும். லேப் ஊசியில் மிச்சம் இருக்கும் ரத்தத்தை வாங்கி ஸ்ட்ரிப்பில் விடக் கூடாது. எல்லா ஸ்ட்ரிப்பும் நரம்பு ரத்தத்துக்கு ஏற்றதாக இருக்காது, குழாய்க்குள் இருக்கும் மருந்தும் கணக்கைக் கெடுக்கும்.

அப்படிப் பார்த்தபோது லேப் 138, மெஷின் 149. வித்தியாசம் 11, அதாவது 8 சதவீதம். மெஷின் நன்றாகவே இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்கச் சொன்னேன். அடுத்த ஆறு மாதத்தில் சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

"சாப்பிட்ட பிறகு எடுக்கிறதையும் இப்படியே ஒப்பிடலாமா?" என்றார். வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் விரல் ரத்தத்தில் நரம்பு ரத்தத்தைவிடச் சர்க்கரை கூட இருப்பது இயல்பு. விரல் நுனிக்கு வருவது இன்னும் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளாத ரத்தம். நரம்பில் திரும்பிப் போவது எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய ரத்தம். அந்த நேரத்தில் லேப் 185, மெஷின் 210 என்று வந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். வெறும் வயிற்றில் இந்த வித்தியாசம் அநேகமாக இருக்காது, அதனால்தான் ஒப்பீடு அப்போது மட்டும்.

ரொம்ப நாளாகச் சரியாக இருந்தது, இப்போது எல்லா எண்ணும் ஒரே பக்கம் சாய்கிறது

மெஷின் திடீரென்று கெடுவது அபூர்வம். பேட்டரி தீர்ந்தால்கூடத் திரையில் படம் காட்டும், அல்லது ஆன் ஆகாது. எண்ணை மாற்றிக் காட்டாது. (பேட்டரி மாற்றிய பிறகு தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் டாக்டர் மெஷின் நினைவகத்தைப் பார்க்கும்போது ராத்திரி எண்ணெல்லாம் காலை எண்ணாகத் தெரியும்.) சாய்வது ஸ்ட்ரிப்.

"ஸ்ட்ரிப் டப்பாவை எங்கே வைக்கறீங்க?"

"ஃபிரிட்ஜ்ல. இன்சுலின் மாதிரி இதையும் ஜில்லுனு வைக்கணும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

இன்சுலின் வேறு, ஸ்ட்ரிப் வேறு. ஸ்ட்ரிப் நுனியில் இருப்பது ஒரு நொதி, அதற்கு ஈரம் எமன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மூடியைத் திறந்ததும் நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த ஸ்ட்ரிப்பில் வியர்த்துப் படியும். கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான டப்பாவில் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று போட்டிருக்கும். நம் வெயிலில் அதுவும் கஷ்டம்தான். அடுப்படி அலமாரி, பைக் பெட்டி, குளியலறை, ஜன்னல் ஓரம் இவை நான்கும் கூடாது. வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில் துணி பீரோவுக்குள் வைக்கலாம்.

டப்பா சும்மா அழகுக்கு இல்லை. அதன் மூடியிலோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை எடுத்த நொடியே மூட வேண்டும். இரண்டு ஸ்ட்ரிப்பைப் பர்ஸில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவது, பழைய டப்பாவில் மிஞ்சியதைப் புதியதில் கொட்டுவது, பயன்படுத்திய ஸ்ட்ரிப்பைத் திரும்ப அதே டப்பாவில் போடுவது எல்லாமே கெடுதல். உதிரியாக ஸ்ட்ரிப் விற்கும் கடையில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். என் கடையிலும் கேட்பார்கள், கொடுப்பதில்லை.

அப்புறம் காலாவதி. டப்பாவில் அச்சடித்த தேதி திறக்காத டப்பாவுக்கு. திறந்த பிறகு சில கம்பெனி ஸ்ட்ரிப் மூன்று மாதம், சிலது ஆறு மாதம், சிலது அச்சடித்த தேதி வரைக்கும் தாங்கும். தாளில் பார்த்துவிட்டு, திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவால் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கிறீர்கள், திறந்து மூன்று மாதம்தான் தாங்கும் ஸ்ட்ரிப் என்றால் 50 ஸ்ட்ரிப் டப்பா தீர்வதற்குள் கெட்டுவிடும். 25 டப்பா வாங்குங்கள், ஒன்றுக்கு ஓரிரண்டு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

பழைய மாடல் மெஷின்களில் ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு சின்ன சிப் வரும், அல்லது டப்பாவில் உள்ள குறியீட்டு எண்ணைத் திரையில் அமைக்க வேண்டியிருக்கும். புது டப்பா திறந்து பழைய குறியீட்டிலேயே ஓட்டினால் எல்லா எண்ணும் ஒரே பக்கம் சாயும். புதியவை பெரும்பாலும் குறியீடு கேட்பதில்லை.

ஸ்ட்ரிப்பா மெஷினா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு சின்ன பாட்டில் உண்டு, அளவு தெரிந்த சர்க்கரைத் தண்ணீர். ரத்தத்துக்குப் பதில் அதை வைத்தால், டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் வரம்புக்குள் எண் வர வேண்டும். நம் பக்கம் கடைகளில் அது எளிதில் இருக்காது. பெட்டியில் இருக்கும் கம்பெனி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், புது டப்பாவில் ஒன்று, பழைய டப்பாவில் ஒன்று என்று ஒரே நேரத்தில் பார்த்தாலே பழையதைக் குப்பையில் போட வேண்டுமா என்று ஓரளவு தெரிந்துவிடும். தம்பி வீட்டில் பழையது 201, புதியது 154. ஃபிரிட்ஜ் டப்பா அன்றே போனது.

LO, HI, அல்லது 70-க்குக் கீழே

அம்மா சாப்பிடும் மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்ததால் இதை மெஷின் விற்ற அன்றே இரண்டு தடவை சொன்னேன். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்குவது அரிது. கிளிமிபிரைடு வகை மாத்திரையும் இன்சுலினும் இறக்கிவிடும், அதிலும் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால்.

70-க்குக் கீழே என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டிய எண். 54-க்குக் கீழே என்றால் அவசரம். `LO` என்று எழுத்தில் வந்தால் மெஷின் அளக்க முடியாத அளவுக்குக் கீழே, மாடலைப் பொறுத்து 20 அல்லது 10-க்கும் கீழே. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் எண்ணைப் பற்றி விவாதம் வேண்டாம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி. சாக்லேட்டும் பாலும் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குளுக்கோஸ் பவுடரைப் பிரித்துக் கலக்கிக் கொடுத்த கையோடு, அந்தப் பவுடர் பட்ட விரலிலேயே 15 நிமிடம் கழித்துக் குத்தினால் 180, 200 என்று காட்டும். "ஏறிடுச்சு" என்று நிம்மதியாக விட்டுவிடுவார்கள், உள்ளே இன்னும் 60-தான் இருக்கும். அம்மாவே கலக்கிக் குடித்தாலும் பிள்ளை கையைப் பிடித்துக் குத்தினாலும், இந்த இரண்டாவது அளவீட்டுக்கு முன்னால் விரலைக் கழுவித் துடைப்பது கட்டாயம்.

எண் ஏறிய பிறகும் ஒரு வேளை சாப்பாடு சாப்பிட்டுவிட வேண்டும், டாக்டருக்கும் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும், சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-க்குக் கூப்பிடுங்கள்.

`HI` என்றால் பெரும்பாலான மெஷின்களில் 600-க்கு மேல். கை கழுவித் திரும்பப் பாருங்கள். மறுபடியும் அதே என்றால் வீட்டில் வைத்திருக்கக்கூடாது, ஆஸ்பத்திரிதான். வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குவது சேர்ந்திருந்தால் மறுபடி பார்ப்பதற்கும் நிற்க வேண்டாம்.

ராத்திரி 130, ஒன்றும் சாப்பிடாமல் காலையில் 165

இதில் பிழை எதுவும் இல்லை. விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும்போது கல்லீரல் தானாகவே சர்க்கரையை வெளியே விடும். சர்க்கரை நோயாளிகளுக்கு அதை அடக்கும் இன்சுலின் போதாது. "ராத்திரி திருட்டுத்தனமா எதையோ சாப்பிடறாங்க" என்று அம்மாவைச் சந்தேகப்பட்ட தம்பியிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

மெஷின் எண் எல்லாம் நன்றாக இருக்கிறது, HbA1c மட்டும் கூட வருகிறது

மூன்று மாதம் கழித்து வந்த லேப் தாளில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் HbA1c 8 என்று இருந்தது. மெஷின் எண் கணக்கில் அது சராசரியாகச் சுமார் 183-க்குச் சமம். நோட்டிலோ 128, 135, 122 என்று அழகான எண்கள். "மெஷின் குறைச்சுக் காட்டுதா?" என்றார்.

நோட்டைப் புரட்டினேன். எல்லாமே காலை ஆறு மணி எண்கள். பொதுவாக டாக்டர்கள் வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் என்று இலக்கு வைப்பார்கள். வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து இதைத் தளர்த்தவும் செய்வார்கள். தம்பி முதல் பாதியை மட்டுமே அளந்திருக்கிறார். மீதி நாள் முழுக்க என்ன நடந்தது என்று நோட்டுக்குத் தெரியாது.

"ஸ்ட்ரிப்பைக் கூட்ட வேண்டாம், ஜோடியாப் பாருங்க" என்றேன். வாரத்தில் இரண்டு நாள். ஒரு நாள் காலை இட்லிக்கு முன்னால் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இன்னொரு நாள் மதியச் சோற்றுக்கு அதே மாதிரி. அதே நான்கு ஸ்ட்ரிப்தான். பக்கத்தில் என்ன சாப்பாடு, எத்தனை என்றும் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் எண்கள் வந்தன. இட்லிக்கு முன் 126, பின் 174. மதியச் சோற்றுக்கு முன் 131, பின் 248. கை கழுவித்தான் பார்த்தார்களாம், அதைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணையே சொன்னார். மாத்திரை பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது என் வேலையும் இல்லை. அந்தப் பக்கத்தை மடித்து அடையாளம் வைத்து டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன். புறப்படும்போது, குத்திய ஊசிகளை என்ன செய்வது என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் புது ஊசி, பழையவற்றை மூடி இறுகும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வையுங்கள், குப்பை எடுக்கிற அம்மா கையில் குத்தக்கூடாது என்றேன்.